இழுக்க இழுக்க மூடும் குரல்வளை

புதன்கிழமை தடுப்பூசி நாள், அதற்குள் பதில் எழுதுங்கள் என்று தென்காசி, குற்றாலம் பக்கமிருந்து கடிதங்கள். சங்கதி ஒன்றுதான்: பிறந்து இரண்டு வாரத்தில் தொடங்கிய ‘கர்ர்’ சத்தம் பால் குடிக்கும்போது கூடுகிறது. சீசன் சாரலில் சளி கட்டிவிட்டதா?

சாரல் மேல் பழி போடுமுன் கவனியுங்கள். காய்ச்சல் இல்லை, மூக்கு ஒழுகவில்லை, அழுகுரல் கணீரென்று இருக்கிறது. சத்தம் மூச்சை உள்ளே இழுக்கும்போது மட்டும். மல்லாக்கப் படுத்தால் அதிகம். அப்படியானால் பெரும்பாலும் அது லாரிங்கோமலேசியா, அதாவது தொளதொளவென்ற குரல்வளை.

குரல்வளைக்கு மேலுள்ள மூடியும் மடிப்புகளும் இந்தக் குழந்தைகளுக்கு விறைப்பில்லாமல் இருக்கும். காற்று உள்ளே பாயும்போது அவையும் சேர்ந்து உள்வாங்கி, வழியை அடைத்து அதிர்கின்றன. ஈரத்தில் ஊறிய காகிதக் குழாயில் இளநீர் உறிஞ்சிப் பாருங்கள்: பலமாக இழுத்தால் குழாய்தான் ஒட்டிக்கொள்ளும். குழந்தை திணறி வேகமாக இழுக்கிறது, அதனாலேயே வழி இன்னும் சுருங்குகிறது. அந்த இழுவிசை இரைப்பை அமிலத்தையும் மேலே கொண்டுவரக்கூடும். அமிலம் பட்டு மடிப்புகள் வீங்கினால் அடைப்பு மேலும் கூடும். சளி மருந்துக்கு இங்கே வேலையே இல்லை.

அரசு ஊழியர்களின் ஐ.எம்.என்.சி.ஐ. அட்டவணையோ, இரண்டு மாதம் தாண்டிய குழந்தை இருமலோடு வந்து, அமைதியாக இருக்கும்போதும் இந்தச் சத்தம் கேட்டால், ‘கடும் நிமோனியா அல்லது மிகக் கடும் நோய்’ என்று வகைப்படுத்துகிறது. மருத்துவர் இல்லாத இடத்தில் உடனே மேலே அனுப்புவதற்கான எச்சரிக்கை அது; நோயின் பெயர் அல்ல. 2013இல் வந்த சிறார் நலப் பரிசோதனைத் திட்டத்தின் ஒன்பது பிறவிக் குறைகளில் லாரிங்கோமலேசியா கிடையாது. சத்தமே வீட்டுக்கு வந்த பிறகுதானே தொடங்குகிறது!

பயப்பட வேண்டியது சத்தத்துக்கு அல்ல, எடைக்கு. முதல் மூன்று மாதம் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். பிறக்கும்போது 2.9 கிலோ, இரண்டு வாரத்தில் அதே எடைக்குத் திரும்பிய குழந்தை ஐந்தாவது வார முடிவில் 3.3 கிலோவாவது இருக்கும். மூன்று கிலோவில் நின்றால், மூச்சுக்கும் விழுங்கலுக்கும் நடுவே பால் குறைகிறது என்று பொருள். நிமிர்த்திப் பிடித்து, நடுநடுவே மூச்சுவிட இடைவெளி கொடுத்துப் பாலூட்டுங்கள். ஏப்பம் விடச் செய்யுங்கள். எடை ஏறாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கு வழியே மெல்லிய கேமராக் குழாயை விட்டுப் பார்ப்பார். கடுமையானால், மடிப்பைக் கத்தரிக்கும் அறுவை சிகிச்சை உண்டு.

தடுப்பூசி? போடலாம்.

கற்பூரவல்லிச் சாறு? வேண்டாம், புரையேறும்.

குப்புறப் படுத்தால் சத்தம் குறைகிறதே? குறையும், ஆனாலும் தூங்க வைப்பது மல்லாக்கத்தான்.

எப்போது சரியாகும்? ஆறு மாதம்வரை கூடலாம். பெரும்பாலோருக்கு ஒன்றரை, இரண்டு வயதுக்குள் நின்றுவிடும்.

உடனே ஓட வேண்டியது? உதடு நீலமானால், மூச்சு நின்று நின்று வந்தால், விலாவுக்குக் கீழ் குழி விழுந்தால்.