10 ஸ்லைடு, 10 லட்சம் ரூபாய், ஒரு குளம்... நிதி கேட்கும்போது அறக்கட்டளைகள் எங்கே சறுக்குகின்றன?

ஒரு நிறுவனத்தின் கூட்ட அறை. திரையில் வறண்ட குளத்தின் படம். அடுத்த ஸ்லைடில் வெடித்த நிலம், அதற்கடுத்து தலையில் கை வைத்தபடி ஒரு விவசாயி. "இந்தக் குளத்தைத் தூர் வாரினால் 500 ஏக்கர் செழிக்கும்" என்கிறது கடைசி ஸ்லைடு. பார்த்துக்கொண்டிருக்கும் அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: "வாரிய மண்ணை எங்கே கொட்டுவீர்கள்?"

அந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாததால் நின்றுபோகும் கோரிக்கைகள் உண்டு. நல்ல நோக்கமும் உழைக்கும் ஆட்களும் இருந்தும், கையில் இருக்கும் பிரசன்டேஷன் இடறிவிடுகிறது. தேவை, திட்டம், பட்ஜெட், எதிர்பார்க்கும் பலன் என்ற நான்கு பகுதிகளும் ஒன்றோடொன்று பொருந்தாமல், தனித்தனியாக நிற்பதே இதற்குக் காரணம்.

இதைப் புரிந்துகொள்ள ஓர் உதாரணம். கன்னியாகுமரி மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டில் ஐந்து ஏக்கர் குளம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊரின் சிறிய அறக்கட்டளை ஒன்று அதைத் தூர் வார நிதி கேட்கிறது. கீழே வரும் தொகைகள் கணக்கு புரிவதற்காக வைத்தவை. வாடகையும் கூலியும் ஊருக்கு ஊர் மாறும்.

தேவை: கண்ணீர் படம் போதாது

நாஞ்சில் நாட்டுக் குளங்கள் பலவும் தனித்து நிற்பவை அல்ல. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளிலிருந்து கால்வாய் வழியே வரும் நீர் ஒரு குளத்தில் நிறைந்து, மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். அதனால் 'குளம் வறண்டது' என்று மட்டும் சொன்னால் காரணம் தெரியாது. வரத்துக்கால் அடைபட்டிருக்கலாம். மடைப் பலகை உடைந்து நீர் ஒழுகிக்கொண்டிருக்கலாம். இந்த இரண்டில் ஒன்று காரணமாக இருந்தால், எவ்வளவு ஆழம் தோண்டினாலும் குளம் நிறையாது.

எனவே தேவை ஸ்லைடில் இருக்க வேண்டியது மூன்று எளிய தகவல்கள். முதலாவது, குளத்தில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் கம்பி இறக்கிப் பார்த்த வண்டலின் ஆழம். இரண்டாவது, வரத்துக்கால், மடை, மறுகால் மூன்றின் இன்றைய நிலை, தேதியோடு கூடிய புகைப்படத்தில். மூன்றாவது, கடைமடை வயலுக்குக் கடந்த கன்னிப்பூ பருவத்தில் எந்தத் தேதி வரை தண்ணீர் வந்தது என்று விவசாயிகள் சொல்லும் கணக்கு. இதைச் சேகரிக்க ஒரு வாரமும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

திட்டம்: காலண்டரும் கையெழுத்துகளும்

நாஞ்சில் நாட்டில் நெல் இரண்டு பருவம். கும்பப்பூ அறுவடை மாசி வாக்கில் முடியும். அதற்குப்பின் ஜூன் மாதம் அணை திறந்து கன்னிப்பூவுக்குத் தண்ணீர் வரும். தென்மேற்குப் பருவமழையும் அதோடு தொடங்கிவிடும். ஆக, குளத்துக்குள் இயந்திரம் இறங்கக் கிடைப்பது மார்ச் முதல் மே வரையிலான காலம்தான். அதிலும் கோடை மழை பெய்தால் டிப்பர் சேற்றில் மாட்டிக்கொள்ளும்.

'நிதி கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதம்' என்று எழுதிய திட்டத்தை, இந்த ஊரை அறிந்தவர் பார்த்தவுடன் ஒதுக்கிவிடுவார். ஜூலையில் பணம் வந்தால் என்ன செய்வீர்கள் என்பதே அவர் கேள்வியாக இருக்கும். தேதி போட்ட திட்டம் என்றால், டிசம்பருக்குள் கோரிக்கை, பிப்ரவரிக்குள் அனுமதிகள், மார்ச் முதல் வாரம் வேலை என்று பின்னோக்கி எண்ணிக்கொண்டு வரவேண்டும்.

அனுமதிதான் பலரும் தவறவிடும் இடம். குளம் யாருக்குச் சொந்தம்? நீர்வளத்துறையா, ஊராட்சியா, கோயிலா? அந்த உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஒரு கூடை மண்ணும் எடுக்க முடியாது. எல்லை எது என்று வருவாய்த்துறை சர்வேயர் அளந்து காட்டவேண்டும். இல்லையென்றால் வேலை நடக்கும்போது ஆக்கிரமிப்புச் சண்டை தொடங்கிவிடும்.

இந்த மாவட்டத்துக்கே உரிய இன்னொரு சிக்கல், தாமரை. தோவாளை பூச்சந்தைக்குப் போகும் தாமரைக்காகச் சில குளங்கள் குத்தகைக்கு விடப்படுகின்றன. மீனுக்கும் குத்தகை உண்டு. குத்தகை முடியும் தேதியைக் கேட்காமல் திட்டம் போட்டால், இயந்திரம் கரையில் நிற்கும்போதுதான் குத்தகைதாரர் வருவார். சுசீந்திரம் தேரூர் குளங்கள் 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற ஈரநிலம். அதுபோன்ற பறவை வரும் நீர்நிலைகளில் ஆழமற்ற ஓரங்களை அப்படியே விட்டுவைப்பதும் திட்டத்தில் எழுதப்படவேண்டும்.

பட்ஜெட்: மண்தான் செலவு

உதாரணக் குளத்தின் பரப்பு ஏறக்குறைய 20,000 சதுர மீட்டர். ஓரங்களை விட்டுவிட்டுப் பாதிப் பரப்பில் இரண்டு அடி வண்டல் எடுத்தால் சுமார் 6,000 கனமீட்டர் மண். பெரிய எக்ஸ்கவேட்டர் மணிக்கு 60 கனமீட்டர் அள்ளினால் 100 மணி நேர வேலை. மணிக்கு 1,500 ரூபாய் வாடகை என்றால் 1.5 லட்சம் ரூபாய்.

இதோடு கணக்கை முடித்துவிடுகிறவர்கள் பலர். ஆனால் வெட்டிய மண் உப்பிப் பெருகும். கால் பங்கு கூடும் என்று வைத்தால் 7,500 கனமீட்டர். மூன்று யூனிட் டிப்பரில் ஏறுவது சுமார் 8.5 கனமீட்டர். ஆக, 880 நடைகள். நடைக்கு 500 ரூபாய் என்றாலும் 4.4 லட்சம். அள்ளுவதைவிடக் கொண்டுபோவதற்கு ஏறக்குறைய மூன்று மடங்கு செலவு. கூட்ட அறையில் அதிகாரி மண்ணைப் பற்றிக் கேட்டது இதனால்தான்.

மீதி: மடையும் மறுகாலும் பழுதுபார்க்க 1.5 லட்சம், அளவை மற்றும் பொறியாளர் 60,000, ஒருங்கிணைப்பாளருக்கு நான்கு மாதச் சம்பளம் 80,000, தணிக்கை மற்றும் அலுவலகச் செலவு 40,000, வேலை முடிந்தபின் இரண்டு ஆண்டுப் பராமரிப்பு 80,000. மொத்தம் சரியாக 10 லட்சம்.

சம்பளத்தையும் தணிக்கையையும் மறைத்து 'முழுப் பணமும் குளத்துக்கே' என்று எழுதுவது பெருமையாகத் தோன்றும். ஆனால் தினமும் எத்தனை டிப்பர் போனது என்று எண்ண ஆள் இல்லையென்றால் அந்த 4.4 லட்சத்துக்குக் கணக்கு யார் சொல்வது? தேவையான செலவைத் தெரியும்படி எழுதுவதுதான் நம்பிக்கையைத் தரும். வெளிநாட்டு நிதியாக இருந்தால் இதில் சட்ட வரம்பும் உண்டு. 2020 திருத்தத்துக்குப்பின் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

ஊர்ப் பங்கும் இங்கேதான் வருகிறது. வண்டல், வயலுக்கு உரம். தமிழகத்தில் அரசு அனுமதியோடு விவசாயிகள் அதை எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. "வண்டி எங்க வண்டி, மண்ண மட்டும் அள்ளிப் போடுங்க" என்று விவசாயிகள் பாதி நடைகளை ஏற்றுக்கொண்டால் 2.2 லட்சம் ஊரின் பங்காகிவிடும். நிறுவனத்திடம் கேட்கவேண்டியது 7.8 லட்சம் மட்டும். மதுரையைச் சேர்ந்த தானம் அறக்கட்டளை, 'வயலகம்' என்ற பெயரில் குளத்துப் பாசன விவசாயிகளைச் சங்கமாக்கி, சீரமைப்பில் அவர்களும் ஒரு பங்கு தரும் முறையைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. பங்கு தந்தவர் பிறகு மடையையும் பார்த்துக்கொள்வார் என்பதே அதன் அடிப்படை.

பலன்: 500 ஏக்கரா, 30 ஏக்கரா?

இப்போது அந்தக் கடைசி ஸ்லைடுக்கு வரலாம். 6,000 கனமீட்டர் மண் போன இடத்தில் கூடுதலாக நிற்பது 60 லட்சம் லிட்டர் நீர். கேட்கப் பெரிய எண். ஒரு ஏக்கர் வயலில் ஐந்து சென்டிமீட்டர் நீர் கட்ட ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் வேண்டும். அப்படியானால் ஒரு முறை நிறைந்த கூடுதல் நீரால் 30 ஏக்கருக்கு ஒரு தடவை பாய்ச்சலாம். ஆவியாவதையும் கசிவதையும் கழித்தால் அதுவும் குறையும்.

500 எங்கே, 30 எங்கே! ஆனால் 30 தான் உண்மை. கால்வாய் நீர் முறைவைத்து வரும் குளம் ஒரு பருவத்தில் பலமுறை நிறையும் என்பதால், அந்தப் பயனும் பலமுறை கிடைக்கும். முறைக்கும் முறைக்கும் இடையே கதிர் வாடாமல் காப்பாற்றுவது அந்த ஒரு தண்ணீர்தான். இதைச் சொன்னாலே போதும். மிகைப்படுத்திய 500, அடுத்த ஆண்டு அறிக்கை கேட்கும்போது அதே அறக்கட்டளையின் கழுத்தைப் பிடிக்கும்.

'நிலத்தடி நீர் உயரும்' என்று எழுதினால் எப்படி அளப்பது என்றும் எழுதவேண்டும். குளத்தில் நட்ட ஒரு அளவுகோல், அருகில் மூன்று கிணறுகள், தொலைவில் குளத்து நீர் எட்டாத ஒரு கிணறு. மாதம் ஒருமுறை நீர்மட்டத்தைக் குறித்து வைத்தால் போதும். நல்ல மழை பெய்த ஆண்டில் எல்லாக் கிணறும் ஏறும். தொலைவுக் கிணற்றைவிட அருகிலுள்ளவை கூடுதலாக ஏறினால்தான் அது குளத்தின் பலன் என்று சொல்லலாம். வேலை தொடங்கும் முன்பே குறிக்கத் தொடங்கவில்லையென்றால் ஒப்பிட எதுவும் இருக்காது.

ஸ்லைடுக்கு முன் தயாராக இருக்கவேண்டியவை

* நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கும் அறக்கட்டளைக்கு வருமான வரிச் சட்டப்படியான பதிவுகள் தேவை.
* 2021 ஏப்ரல் 1 முதல் சிஎஸ்ஆர்-1 படிவம் மூலம் பதிவெண் பெறுவதும் கட்டாயம். இத்தகைய பணிகளில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவமும் கேட்கப்படும்.
* குளத்தின் உரிமையாளர் தந்த அனுமதிக் கடிதம், சர்வே வரைபடம், குத்தகை விவரம் மூன்றும் பின்னிணைப்பில் இருக்கவேண்டும்.

எல்லாம் முடிந்தபின் ஒரு சோதனை. தேவை ஸ்லைடில் உள்ள ஒவ்வொரு வரியையும் எடுத்து, அதற்கான வேலை திட்டத்தில் எங்கே, பணம் பட்ஜெட்டில் எங்கே, அளவு பலனில் எங்கே என்று விரல் வைத்துப் பார்க்கவேண்டும். மடை உடைந்திருக்கிறது என்று முதல் ஸ்லைடில் எழுதிவிட்டு, பட்ஜெட்டில் மடைக்கு ஒரு ரூபாயும் இல்லையென்றால் அங்கேதான் ஓட்டை. குளத்தில் என்றாலும் காகிதத்தில் என்றாலும், அந்த வழியாகத்தான் தண்ணீர் போகும்.