முகநூல் விளம்பரம்: பணம் எப்போது, எவ்வளவு பிடிக்கப்படும்?

தீபாவளி நெருங்கும்போது ஈப்போவிலும் சுற்றுவட்டாரத் தோட்டப்புறங்களிலும் பலகாரம் செய்து விற்கும் பலர், முகநூலில் விளம்பரம் போடுகின்றனர். நாளுக்கு 20 வெள்ளி என்று கணக்கு வைத்தவருக்கு, திடீரென்று வங்கியில் 108 வெள்ளி பிடிக்கப்பட்டால் குழப்பம்தான்.

முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனம் இரு வழிகளில் பணம் பெறுகிறது. ஒன்று, முன்பணம். கட்டிய தொகை தீர்ந்ததும் விளம்பரம் நின்றுவிடும். மற்றொன்று, தானியங்கிக் கட்டணம். இதில் விளம்பரம் முதலில் ஓடும். செலவு குறிப்பிட்ட வரம்பைத் தொட்டதும் வங்கி அட்டையிலிருந்து பணம் எடுக்கப்படும். வரம்பைத் தொடாத மீதித் தொகை, மாதாந்திரக் கட்டண நாளில் பிடிக்கப்படும்.

சுங்கை சிப்புட்டில் முறுக்கு விற்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 20 வெள்ளி வீதம் 18 நாள் விளம்பரம். கணக்கின் வரம்பு 100 வெள்ளி. ஐந்தாம் நாள் செலவு 100 வெள்ளியைத் தொடும். அதனுடன் 8 விழுக்காடு சேவை வரி சேர்ந்து 108 வெள்ளி பிடிக்கப்படும். பத்தாம் நாளும் பதினைந்தாம் நாளும் அப்படியே. கடைசி மூன்று நாளின் 60 வெள்ளிக்கு, மாதாந்திரக் கட்டண நாளில் 64 வெள்ளி 80 காசு போகும். ஆக மொத்தம் 360 அல்ல, 388 வெள்ளி 80 காசு.

இங்கே இரு இடங்களில் கவனம் தேவை. வரம்பைத் தொடும் நாளில் அட்டையில் பணம் குறைந்தால், பாக்கியைக் கட்டும்வரை எல்லா விளம்பரமும் நின்றுவிடலாம். விற்பனை சூடுபிடிக்கும் வாரத்தில் இது பெரிய இழப்பு. அடுத்து, பணம் ஒழுங்காகக் கட்டக் கட்ட வரம்பு உயரக்கூடும். அப்போது ஒரே தடவையில் பெரிய தொகை போகும். கணக்கின் கட்டணப் பகுதியில் இப்போதைய வரம்பையும் அடுத்த கட்டண நாளையும் பார்க்கலாம்.

முன்பணம் கட்டுவோர், வரி தொகைக்குள் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அடங்கினால், 300 வெள்ளியில் விளம்பரத்துக்குக் கிடைப்பது சுமார் 277 வெள்ளி 78 காசுதான்.

வெளிநாட்டு நிறுவனங்களின் மின்னியல் சேவைக்கான இந்த வரி, 2020 ஜனவரி 1இல் 6 விழுக்காடாகத் தொடங்கியது. 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடு. முன்பிருந்த ஜிஎஸ்டியில், பதிவு பெற்ற வணிகர்கள் தாங்கள் கட்டிய வரியைத் திரும்பக் கோர முடிந்தது. சேவை வரியில் அந்த வசதி இல்லை. ஆகவே முறுக்கின் விலையை நிர்ணயிக்கும்போதே வரியையும் செலவில் சேர்க்க வேண்டும்.

அதே செலவை வருமான வரிக் கணக்கில் வணிகச் செலவாகக் காட்டலாம். அதற்கு வங்கி அறிக்கையில் உள்ள ஒரு வரி மட்டும் போதாது. கணக்கில் நிறுவனத்தின் பெயர், முகவரியைப் பதிந்து, மாதந்தோறும் ரசீதுகளைப் பதிவிறக்கி ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.