ரவுட்டரில் போர்ட் திறந்தும் வீட்டுச் சர்வர் ஏன் தெரிவதில்லை?

பழைய கணினி ஒன்றில் இம்மிச் என்ற புகைப்பட மென்பொருளை நிறுவினால், வீட்டு வைஃபையில் அருமையாக ஓடும். வெளியூரில் போனைத் திறந்தால்தான் சிக்கல். இதற்கு வழக்கமான வைத்தியம் போர்ட் ஃபார்வர்டிங்: இந்தப் போர்ட்டுக்கு வெளியிலிருந்து வருவதை இந்தக் கணினிக்கு அனுப்பு என்று ரவுட்டரில் எழுதிவைப்பது. அதைச் சரியாகச் செய்தும் படம் வரவில்லை என்றால், காரணம் வீட்டுக்கு வெளியே இருக்கலாம்.

கண்டுபிடிப்பது சுலபம். ரவுட்டரின் பக்கத்தில் WAN IP என்று இருக்கும் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஐபி முகவரியைக் காட்டும் ஏதாவது ஒரு தளத்தில், அதே இணைப்பில் இருந்தபடி, மறுபடி பாருங்கள். இரண்டும் வேறானால், இணைய நிறுவனம் நடுவில் இன்னொரு முகவரி மாற்றியை வைத்திருக்கிறது. ரவுட்டரில் இருப்பது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம். அந்த வரிசை 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. சில நிறுவனங்கள் 10 என்று தொடங்கும் முகவரியையும் தருகின்றன.

பழைய வகை ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். ஆசிய-பசிபிக் பகுதியின் பொது இருப்பு 2011 ஏப்ரலில் கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. ஆகவே ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். இதற்குக் கேரியர்-கிரேடு நாட் என்று பெயர். உங்கள் கணினி வெளியே ஓர் இணைப்பைத் தொடங்கும்போது, அது எந்த வீட்டுடையது என்று நிறுவனத்தின் பெட்டி அட்டவணையில் எழுதிக்கொள்ளும். பதில் அந்த வரியைப் பார்த்து வீடு வந்து சேரும். வெளியிலிருந்து யாரோ புதிதாக வந்தால் அவருக்கு அட்டவணையில் வரியே கிடையாது. அங்கேயே தள்ளிவிடப்படுவார். நீங்கள் ரவுட்டரில் திறந்தது இரண்டாவது கதவு. முதல் கதவின் சாவி உங்களிடம் இல்லை.

அதனால் திசையைத் திருப்பிப் போடுகிறோம். வீட்டுக் கணினியே வெளியே இணைப்பைத் தொடங்கி, அதை மூடாமல் வைத்திருக்கும். வருகிறவர்கள் அதன் வழியாக உள்ளே வருவார்கள். மறுமுனையில் பொது முகவரி உள்ள ஓர் இயந்திரம் வேண்டும். சின்ன வாடகை விபிஎஸ் போதும். இம்மிச் வழக்கமாக 2283 போர்ட்டில் இயங்கும். வீட்டுக் கணினியில்:

```
ssh -N -R 8080:localhost:2283 \
  -o ServerAliveInterval=30 \
  -o ExitOnForwardFailure=yes \
  tunnel@203.0.113.10
```

விபிஎஸ்-இன் 8080-க்கு வருவது இனி வீட்டின் 2283-க்குப் போகும். முகவரிக்குப் பதில் உங்கள் விபிஎஸ்-இன் எண்ணைப் போடுங்கள். நுழைவுக்குக் கடவுச்சொல் வேண்டாம், எஸ்எஸ்எச் சாவி வையுங்கள். மின்சாரம் போய்வந்தாலும் இந்தக் கட்டளை தானே எழும்படி சிஸ்டம்டியில் சேர்த்துவிட வேண்டும்.

இங்கே பலர் ஏமாறுவார்கள். பிரவுசரில் விபிஎஸ் முகவரியோடு 8080 போட்டால் ஒன்றும் திறக்காது. இப்படித் திறக்கும் போர்ட்டை எஸ்எஸ்எச் தானாக வெளியுலகுக்குக் காட்டாது. விபிஎஸ்-க்குள் மட்டுமே வைத்திருக்கும். அது நல்லதுதான். முன்வாசலில் கேடியை நிறுத்துங்கள். எச்டிடிபிஎஸ் சான்றிதழை அதுவே வாங்கிக்கொள்ளும். உங்கள் டொமைன் பெயர் விபிஎஸ்-ஐக் காட்டவேண்டும், அங்கே 80, 443 போர்ட்டுகள் திறந்திருக்கவேண்டும்:

```
photos.example.com {
  reverse_proxy localhost:8080
}
```

ஏதாவது கெட்டால் முதலில் விபிஎஸ்-க்குள் `curl http://localhost:8080` என்று அடித்துப் பாருங்கள். பக்கம் வந்தால் சுரங்கம் உயிரோடு இருக்கிறது. பிழை கேடியிலோ டொமைனிலோ ஃபயர்வாலிலோ தேடவேண்டும். வராவிட்டால் வீட்டுப்பக்கம் பாருங்கள்.

அடிக்கடி வரும் கோளாறு வேறு. வீட்டு இணைப்பு சட்டென்று அறுந்தால் விபிஎஸ்-க்கு அது தெரியாது. பழைய இணைப்பு 8080-ஐப் பிடித்துக்கொண்டே இருக்கும். மீண்டும் இணையும்போது `remote port forwarding failed` என்ற வரி வரும். விபிஎஸ்-இன் எஸ்எஸ்எச் அமைப்பில் `ClientAliveInterval 30` சேர்த்தால், பதில் வராத இணைப்பைச் சில முறை தட்டிப்பார்த்து அதுவே விட்டுவிடும்.

கிளவுட்ஃப்ளேரின் இலவசச் சுரங்கமும் இதே வேலையை விபிஎஸ் இல்லாமல் செய்யும். ஆனால் மறைகுறியீடு அவர்களிடம் அவிழ்கிறது. இலவசத் திட்டத்தில் ஒரே முறையில் 100 எம்பிக்கு மேல் ஏற்றவும் முடியாது. குடும்ப வீடியோக்களுக்கு அது போதாது என்பேன்.

இன்னொன்று: வீட்டு இயந்திரத்துக்கு வருகிற இணைப்புகள் எல்லாம் 127.0.0.1-இலிருந்து வந்ததாகவே தெரியும். தவறான கடவுச்சொல் போடுகிறவரின் முகவரியைத் தடுக்கும் கருவியை வீட்டில் வைத்தால், ஒருவரின் தவறுக்கு எல்லோரையும் வெளியே தள்ளிவிடும். உண்மையான முகவரியைக் கேடி பார்க்கிறது. அதன் பதிவை இயக்கி, தடுப்பை விபிஎஸ்-இலேயே வையுங்கள்.