எட்டு எட்டாகத் தாவும் முள்

மணி 9. இன்னும் 5 மணி நேரம் கழித்து என்ன மணி என்று கேட்டால் 14 என்று சொல்லாமல் 2 என்கிறோம். 12-ஐத் தாண்டியதும் அதைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் வைத்துக்கொள்கிறோம். மீதிகளைக் கொண்டு கணக்கிடும் இந்த முறைக்கு, ஜெர்மானியக் கணித மேதை காஸ் 1801-இல் வெளியான தம் நூலில் தெளிவான இலக்கணம் வகுத்தார்.

12-ஐ 0 என்று எழுதிக்கொள்வோம். அப்போது 0 முதல் 11 வரை 12 எண்கள். எந்த இரண்டைக் கூட்டினாலும் விடை இவற்றுக்குள்ளேயே இருக்கும். ஒவ்வோர் எண்ணையும் 0-க்குத் திருப்பிக் கொண்டுவர ஒரு துணை எண்ணும் உண்டு, 5-க்கு 7. இத்தகைய அமைப்பைக் குலம் என்பார்கள். 1-ஐத் திரும்பத் திரும்பக் கூட்டியே எல்லா எண்களையும் எட்டிவிடலாம் என்பதால் இது சக்கரக் குலம். இதில் 12 உறுப்புகள் இருப்பதால் இதன் வரிசை 12.

இனி 0-இலிருந்து 8 எட்டாகத் தாவிப் பாருங்கள்: 8, பிறகு 4, பிறகு 0. மூன்றே தாவலில் புறப்பட்ட இடம் வந்துவிட்டது. ஆகவே 8 என்ற உறுப்பின் வரிசை 3. ஆனால் 5 ஐந்தாகத் தாவினால் 5, 10, 3, 8, 1, 6, 11, 4, 9, 2, 7 என்று எல்லா இடங்களையும் மிதித்துவிட்டு, 12-ஆவது தாவலில்தான் 0 வருகிறது. சிறிய எண் பல தாவல் கேட்கிறது, பெரிய எண் சீக்கிரம் திரும்பிவிடுகிறது. காரணம், 8-க்கும் 12-க்கும் மீப்பெரு பொது வகுத்தி 4. எத்தனை முறை தாவினாலும் 4-இன் மடங்குகளில்தான் கால் படும். அப்படிப்பட்ட இடங்கள் 12/4, அதாவது 3. 5-க்கும் 12-க்கும் பொது வகுத்தி 1 மட்டுமே என்பதால் எந்த இடமும் விடுபடவில்லை.

8 மிதித்த 0, 4, 8 ஆகிய மூன்றும் தமக்குள்ளேயே ஒரு குலம். இதுதான் உட்குலம். 4 நான்காகத் தாவினாலும் இதே மூன்றுதான் கிடைக்கும். நினைத்த எண்களையெல்லாம் சேர்த்து உட்குலம் ஆக்கிவிட முடியாது. 0, 3, 6, 8 என்று எடுத்தால் 3-உம் 8-உம் கூடி 11 ஆகி வெளியே போய்விடும்.

ஓர் உட்குலத்தில் 0 நீங்கலாக மிகச் சிறிய எண் 5 என்று வைத்துக்கொள்வோம். 5 இருந்தால் 10-உம் இருக்கும். இன்னொரு தாவலில் 3 வந்துவிடும். அது 5-ஐவிடச் சிறியது! 12-ஐ மீதியின்றி வகுக்காத எந்த எண்ணும் இப்படியே தன்னைவிடச் சிறியதை உள்ளே இழுத்துவிடும். ஆகவே மிகச் சிறிய எண் 12-இன் வகுத்தியாகவே இருக்க முடியும். உட்குலத்தின் மற்ற உறுப்புகள் அதன் மடங்குகளே. இடையில் ஒன்று இருந்தால், கழித்துப் பார்க்கையில் அதைவிடச் சிறிய எண் வந்துவிடும். ஆக, 1, 2, 3, 4, 6 ஆகிய தாவல்கள் தருவன ஐந்து. தாவாமல் நிற்கும் 0 மட்டுமே ஆன ஒன்றும் சேர்ந்து மொத்தம் 6 உட்குலங்கள். 12-இன் ஒவ்வொரு வகுத்திக்கும் அந்த வரிசையில் ஓர் உட்குலம், ஒன்றே ஒன்று.

இந்த ஒழுங்கு சக்கரக் குலத்துக்குத்தான் உறுதி. நான்கு சமபக்க முக்கோணங்களாலான நான்முகியைத் தன் வடிவிலேயே பொருந்தும்படி சுழற்றும் வழிகளும் 12-தான். ஆனால் அந்தக் குலத்தில் 6 உறுப்புகள் கொண்ட உட்குலம் ஒன்றுகூடக் கிடையாது.