எந்தப் புள்ளியில் உங்கள் கணிப்பு தவறு?

பங்குத்தரகு நிறுவனம் ஒன்றின் ஆராய்ச்சிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் மூத்த அனலிஸ்ட் ஒருவர் பேசினார். முதலில் திரையில் ஒரு வரியைக் காட்டினார்: “நிஃப்டி பலவீனமாகத் தெரிகிறது, உலகச் சந்தைகள் கைகொடுத்தால் ஏறவும் வாய்ப்புண்டு.”

“இதை யாராவது தப்புன்னு நிரூபிக்க முடியுமா?” என்றார். முடியாதுதான். ஏறினாலும் இறங்கினாலும் சரியாகிவிடும் வரி அது. அதை நம்பிப் பணம் போடுகிறவருக்கு அதில் ஒன்றுமே இல்லை.

அடுத்து 2020 ஏப்ரல் 30-ஆம் தேதி சார்ட்டைப் போட்டார். ஜனவரி 20 அன்று 12430.50 வரை போன நிஃப்டி, மார்ச் 24 அன்று 7511.10-க்கு விழுந்து, பின் 9859.90-க்கு மீண்டிருந்தது. ‘விழுந்தது முதல் அலை, இந்த ஏற்றம் இரண்டாம் அலை, அடுத்து இன்னொரு சரிவு’ என்று அன்று எலியட் அலை முறைப்படி படிக்க இடமிருந்தது. அந்த முறையில் ஒரு கண்டிப்பான விதி உண்டு: இரண்டாம் அலை, முதல் அலை தொடங்கிய இடத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே 12430.50-ஐத் தாண்டினால் இந்தக் கணிப்பு செல்லாது. அதுதான் அதன் இன்வேலிடேஷன் பாயின்ட்.

“ரொம்ப தூரமா இருக்கே சார்?” என்றார் ஓர் இளைஞர். நியாயமான கேள்வி. விற்றவருக்கு இடைவெளி சுமார் 2570 புள்ளிகள். அப்போதைய லாட் 75 என்பதால் ஒரு லாட்டுக்கு 1.93 லட்சம் ரூபாய் வரை போகலாம். அவ்வளவு தாங்க முடியாதவர் என்ன செய்வது? “உங்க பாக்கெட்டுக்காகப் புள்ளியைக் கிட்ட இழுக்காதீங்க. புள்ளியைச் சார்ட் சொல்லணும்; எத்தனை லாட்னு பணம் சொல்லணும். ஒரு லாட்டே அதிகம்னா, அந்த வர்த்தகம் உங்களுக்கில்லை.” வேண்டுமானால் ஸ்டாப் லாஸை அருகில் வைக்கலாம், அது அடிபட்டால் போவது பணம், கணிப்பு அப்படியே நிற்கும். இரண்டையும் குழப்புவதுதான் புதியவர்களிடம் அதிகம் காணப்படுவது.

புள்ளியைக் கிட்ட இழுப்பதற்கு நேர்மாறான தவறும் உண்டு. சரிவில் 61.8 சதவீதம் மீட்பு என்பது 10551 அருகே. ‘அங்கே நின்றுவிடும்’ என்று எழுதியவர், ஜூலைத் தொடக்கத்தில் அது தாண்டப்பட்டதும் 78.6 சதவீதத்துக்கு, அதாவது 11378-க்கு நகர்வார். ஆகஸ்டில் அதுவும் போனது. அவை எச்சரிக்கைக் கோடுகள். தாண்டத் தாண்டக் கணிப்பின் வலு குறையும், முறியாது. எது எச்சரிக்கை, எது முறிவு என்பதை அறிக்கை வெளிவரும் நாளிலேயே பிரித்து எழுதிவிட்டால், பிறகு கோட்டை நகர்த்த இடமில்லை.

இன்னொன்றையும் எழுதச் சொன்னார்: வர்த்தகத்தின் நடுவே ஒரு நொடி தாண்டினாலே போதுமா, தினமுடிவில் தாண்டியிருக்க வேண்டுமா? நவம்பர் 9 அன்று அந்தக் கேள்விக்கே வேலையில்லாமல் நிஃப்டி 12461.05-ல் முடிந்தது. அப்படி ஒரு நாளில் அனலிஸ்ட் அனுப்ப வேண்டிய குறிப்பையும் அவர் திரையில் காட்டினார்: பழைய அறிக்கையின் தேதி, அதில் சொன்ன புள்ளி, ‘கணிப்பு ரத்து’. புதிய கணிப்பு இருந்தால் அது தனி அறிக்கையாக, தனக்கென ஒரு புள்ளியோடு வர வேண்டும்.