இரண்டு முறை வந்த எண் எது?

3, 2, 6, 2, 5, 4, 1. இதில் ஏழு எண்கள் இருக்கின்றன. எல்லாம் 1 முதல் 6 வரைக்குள் அடங்கியவை. ஆறு எண்களை வைத்து ஏழு இடங்களை நிரப்பினால் ஏதாவது ஒன்று மறுபடியும் வந்தே தீரும். வரிசையைக் கலைக்காமல், வேறெங்கும் குறித்து வைக்காமல் அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

கூட்டிப் பார்க்கலாமே என்று தோன்றும். மொத்தம் 23, 1 முதல் 6 வரை கூட்டினால் 21, மிச்சம் 2, அதுவே விடை. ஆனால் அந்த 5-க்குப் பதிலாக இன்னொரு 2 இருந்தால் கூட்டுத்தொகை 20 ஆகி, விடை மைனஸ் ஒன்று என்று வரும்.

இடங்களுக்கு 0 முதல் 6 வரை எண் கொடுத்து, ஒவ்வோர் இடத்திலும் இருக்கும் எண்ணை அடுத்துப் போக வேண்டிய இடமாக எடுத்துக்கொண்டால் கணக்கின் முகமே மாறிவிடுகிறது. 0-இல் 3 இருக்கிறது, 3-க்குப் போகிறோம். அங்கே 2. பிறகு 6, 1, மீண்டும் 2. பாதை 2, 6, 1 என்ற வட்டத்துக்குள் சுற்றத் தொடங்கிவிட்டது. 3-ஆம் இடமும் 1-ஆம் இடமும் இரண்டுமே 2-க்கு அனுப்புகின்றன. அதாவது இரண்டிலும் 2 எழுதியிருக்கிறது. வட்டத்தின் நுழைவாயில்தான் திரும்ப வந்த எண்.

அந்த வாயிலைக் கண்டுபிடிக்கும் வழி ராபர்ட் ஃபிளாய்டின் பெயரால் அறியப்படுகிறது. ஆமை ஒவ்வோர் அடியாகவும் முயல் இரண்டிரண்டு அடியாகவும் 0-இலிருந்து கிளம்புகின்றன. ஆமை 3, 2, 6 என்று போகும்போது முயல் 2, 1, 6 என்று வந்து 6-இல் ஆமையைச் சந்திக்கிறது. இது இன்னும் விடை அல்ல. பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். இப்போது ஒன்றை 0-இல் வைத்து, மற்றதை 6-இலேயே விட்டு, இரண்டையும் ஒவ்வோர் அடியாக நடத்த வேண்டும். முதலாவது 3, 2. இரண்டாவது 1, 2. சேரும் இடம் 2.

ஏன் சரியாக வாயிலில் சேர்கின்றன? சந்திக்கும்வரை முயல் ஆமையைப் போல் இரு மடங்கு நடந்திருக்கிறது. அதிகமாக நடந்த தூரம் வட்டத்தின் முழுச் சுற்றுகளாகத்தான் இருக்க முடியும். அது ஆமை நடந்த தூரத்துக்கும் சமம். ஆகவே சந்தித்த இடத்திலிருந்து தொடர்பவர், தொடக்கத்திலிருந்து வருபவரைவிட முழுச் சுற்றுகள் மட்டுமே முன்னால் இருக்கிறார். புதிதாக வருபவர் வட்டத்துக்குள் கால் வைக்கும் கணத்தில் இருவரும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும்.

பைத்தானில் எழுதினால் இவ்வளவுதான்:

```python
s = a[0]
f = a[a[0]]
while s != f:
    s = a[s]
    f = a[a[f]]
s = 0
while s != f:
    s = a[s]
    f = a[f]
```

முதல் இரண்டு வரிகளில் இருவரும் ஏற்கெனவே நகர்ந்துவிட்டதைக் கவனிக்க வேண்டும். இருவரையும் 0-இல் வைத்துவிட்டு ஒப்பிட்டால், முதல் ஒப்பீட்டிலேயே சமம் என்று வந்து தேடல் முடிந்துபோகும்.

வரிசையில் 0 என்ற எண் இருக்கவும் கூடாது. யாரும் 0-க்குத் திருப்பி அனுப்பாததால்தான் அது வட்டத்துக்கு வெளியே நிற்கிறது. பாதை 0-க்கே திரும்பினால் தொடக்கமே வட்டத்தில் விழுந்து, 0 ஒரே முறை வந்திருந்தாலும் அதையே விடையாகக் காட்டிவிடும். இரண்டு வெவ்வேறு எண்கள் திரும்ப வந்திருந்தாலோ, 0-இலிருந்து போகும் பாதை எந்த வாயிலில் நுழைகிறதோ அது ஒன்று மட்டுமே கிடைக்கும்.