லாரி பில்லில் 170 கிலோ எங்கிருந்து வந்தது?

நம்ம திருவேற்காட்டுக்குப் பக்கத்துல இருக்கிற அம்பத்தூர் எஸ்டேட்லயோ பூந்தமல்லி பக்கத்து குடோன்லயோ இன்டர்ன்ஷிப் போனா, உங்க கையில முதல்ல வந்து விழுற ஃபைல்கள்ல ஒண்ணு டிரான்ஸ்போர்ட் பில்லா இருக்கலாம். "சரியான்னு பாத்துட்டு அக்கவுண்ட்ஸுக்குக் குடுத்துடுப்பா" என்பார்கள். கூட்டல் சரியாத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது கூட்டலை அல்ல.

ஒரு உதாரணத்தை எடுத்துக்குவோம். அம்பத்தூரில் இருந்து புனே பக்கம் சாகனுக்கு நாலு அட்டைப்பெட்டி போகிறது. ஒவ்வொன்றும் 60 × 50 × 40 செ.மீ., 18 கிலோ. தராசில் மொத்தம் 72 கிலோ. ஆனா பில்லில் "சார்ஜ் வெயிட் 170 கிலோ" என்று இருக்கிறது. கிலோவுக்கு 11 ரூபாய் வீதம் 1,870. எரிபொருள் சர்சார்ஜ் 10 சதவீதம், 187. டாக்கெட் கட்டணம் 100. ஓடிஏ, அதாவது வழக்கமான டெலிவரி எல்லைக்கு வெளியே போனதற்கு, 750. வரி இல்லாமல் மொத்தம் 2,907 ரூபாய்.

72 எப்படி 170 ஆச்சு? இதை உடனே ஏமாத்து வேலைன்னு சொல்லிட முடியாது. லேசான, பெரிய பெட்டி லாரியில் இடத்தை அடைக்கும். அதனால தராசு எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதுக்குத்தான் கட்டணம். தரைவழி சரக்குக்கு நம்மூரில் பெரும்பாலும் கன அடிக் கணக்கு. செ.மீ. அளவுகளைப் பெருக்கி 28,317 ஆல் வகுத்தா கன அடி வரும். நம்ம நாலு பெட்டிக்கும் சேர்த்து 4,80,000 ÷ 28,317 = 16.95. ஒரு கன அடிக்கு எத்தனை கிலோ என்பது ரேட் கார்டில் பேசி வைத்த எண்; ஆளுக்கு ஆள் மாறும்.

இப்ப பில்லைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. 170 ÷ 16.95 = 10.03. அதாவது பில் போட்டவர் கன அடிக்கு 10 கிலோ என்று வைத்து, வந்த 169.5-ஐ மேலே முழுமையாக்கி இருக்கிறார். நம்ம ரேட் கார்டில் இருப்பது 6 கிலோ. அப்படின்னா 101.7, முழுமையாக்கினா 102 கிலோதான். சிஸ்டத்தில் நம்ம கணக்குக்கு உரிய எண்ணை ஏற்றாம, பொதுவான எண்ணையே விட்டிருக்கலாம். இது ஒருத்தர் அளந்ததில் வந்த தப்பு இல்லை என்பதால், இதே கஸ்டமரின் மற்ற எல்ஆர்களிலும் இருக்க வாய்ப்பு உண்டு. பழைய பில்களையும் எடுத்துப் பாருங்க.

ஆனா பில்லில் 122 கிலோ என்று இருந்திருந்தா? 122 ÷ 16.95 = 7.2. இப்படி ஒரு எண்ணை யாரும் ரேட் கார்டில் போட மாட்டாங்க. அங்கே சந்தேகப்பட வேண்டியது பெட்டியின் அளவை. அவங்க ஹப்பில் அளந்தப்ப பெட்டி புடைத்து 64 × 52 × 43 ஆகியிருந்தா, 6 கிலோ கணக்கிலேயே 122 வந்துடும். அப்ப அளந்த போட்டோவைக் கேளுங்க. பெட்டி உண்மையிலேயே புடைச்சிருந்தா அவங்க பக்கம்தான் நியாயம். பணத்தைக் கொடுத்துட்டு பேக்கிங்கைச் சரி பண்ணணும். பேக்கிங் லிஸ்டில் எழுதியிருப்பது பெட்டி வாங்கினப்ப இருந்த அளவு, அனுப்பினப்ப இருந்த அளவு இல்லை. அதனாலதான் லாரியில் ஏத்தும் முன் டேப் வைத்து, எல்ஆர் எண் தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வைக்கணும்.

ஓடிஏவை நிரூபிப்பது சுலபம். எந்தெந்த பின்கோடு எல்லைக்கு வெளியே என்ற பட்டியல் ரேட் கார்டின் இணைப்பில் இருக்கும். டெலிவரி பின்கோடு இ-வே பில்லில் இருக்கு: 410501. நம்ம உதாரணத்து இணைப்பில் அது இல்லை, அதனால 750 நிக்காது. எந்த ரேட் கார்டு என்பதையும் கவனிங்க. நடுவில் ரேட் மாறியிருந்தா, பில் தேதியை வைத்து முடிவு பண்ணாதீங்க. சரக்கை ஒப்படைத்த தேதி எல்ஆரில் இருக்கும். கார்டில் வேறு மாதிரி எழுதாத வரை அதைத்தான் பிடிச்சுக்கணும்.

இப்ப சரியான தொகை: 1,122 + 112.20 + 100 = 1,334.20. வித்தியாசம் 1,572.80. மெயிலில் கோபம் வேண்டாம், இவ்வளவு போதும்:

"இந்த எல்ஆரில் கன அடிக்கு 10 கிலோ கணக்கிடப்பட்டுள்ளது. ஒப்புக்கொண்ட ரேட் கார்டின்படி 6 கிலோ; சார்ஜ் வெயிட் 102. பின்கோடு 410501 ஓடிஏ பட்டியலில் இல்லை. ரேட் கார்டு, எல்ஆர், அளவு போட்டோ, இ-வே பில் இணைத்துள்ளோம். ரூ. 1,572.80-க்கும் அதற்குரிய வரிக்கும் கிரெடிட் நோட் தரவும். மீதித் தொகை தவணைத் தேதிக்குள் செலுத்தப்படும்."

கடைசி வரியை விட்டுடாதீங்க. 1,572 ரூபாய்க்காக முழு பில்லையும் நிறுத்தினா, அடுத்த லோடு அவங்க குடோனிலேயே உட்கார்ந்துடலாம். பேச்சும் "நீங்க பணமே தரலையே" என்று திரும்பிடும். ஆட்சேபணைக்கு எத்தனை நாள் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கும். அந்தக் கெடு தாண்டினா, கணக்கு எவ்வளவு சரியா இருந்தாலும் "பில்லை ஏத்துக்கிட்டீங்க" என்று சொல்ல அவங்களுக்கு இடம் கிடைச்சுடும். "அடுத்த பில்லில் கழிச்சுக்கலாம் சார்" என்று போனில் சொன்னா சரின்னு விட்டுடாதீங்க. கிரெடிட் நோட் எண் வந்த பிறகுதான் அக்கவுண்ட்ஸில் அந்த வரியை மூட முடியும்.